சோடியத்தின் பரகாந்தம்: என் குள உவமை சரியா?

வணக்கம். கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். ஒரு விளக்கத்தைச் சரிபார்க்க உங்கள் உதவி வேண்டும்.

சோடியத்தின் கடத்தும் இலத்திரன்கள் எல்லாம் தனித்தனியே திரும்பும் என்று கியூரி விதியைப் போட்டால், 300 கெல்வினில் ஏற்புத்திறன் சுமார் 7×10⁻⁴ வரும். பவுலி 1927இல் தந்த கணக்கில் 8×10⁻⁶தான். அதுவும் வெப்பநிலையோடு அநேகமாக மாறாது.

வழக்கமாக நான் சொல்வது இது: T வெப்பநிலை, T_F பேர்மி வெப்பநிலை என்றால், பேர்மி மட்டத்துக்கு அருகிலுள்ள T/T_F பங்கு இலத்திரன்கள்தான் திரும்பும், ஒவ்வொன்றின் விளைவும் 1/T, ஆகவே T வெட்டுப்படும். அதற்கு ஒரு மாணவி, “சேர், T பூச்சியமானால் திரும்ப ஒருவரும் இல்லையே?” என்று கேட்டாள். நல்ல கேள்வி, அப்போது பதில் வரவில்லை.

அப்புறம் நம்முடைய குளங்களை நினைத்தேன். மேல்சுழல், கீழ்சுழல் இலத்திரன்கள் வாய்க்காலால் இணைந்த இரு குளங்கள். காந்தப்புலம் ஒன்றின் அடியைச் சற்று உயர்த்தி, மற்றதைத் தாழ்த்துகிறது. நீர்மட்டம் சமமாகும்வரை நீர் பாய்கிறது. பாயும் அளவைத் தீர்மானிப்பது மேற்பரப்பின் பரப்பளவு. வெப்பநிலை வெறும் சிற்றலைதான்: சோடியத்தின் T_F சுமார் 37,700 கெல்வின், அறையில் அலை ஆழத்தில் 0.8 வீதம். அலை இல்லாவிட்டாலும் நீர் பாயும்.

குளக்கரை மேலே போகப் போக விரிவதால்தான் பவுலியின் கணக்கில் 3/2 என்ற காரணி வருகிறது என்று சொல்லலாமா? இந்த உவமை எங்கே உடையும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், வியாழன் வகுப்புக்கு முன் வேண்டும்.