நாலாம் வகுப்புக்கு 'பிளான்'னு சொல்ல ஒரு சொல் வேணும்

மலர்:
எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமைக்குள்ள நாலாம் வகுப்பு செயல்நூல் மொழிபெயர்ப்பை அனுப்பியாகணும், பிள்ளைங்க வகுப்பறையையும் பள்ளிக்கூடத்தையும் பிளானா வரையிற பாடம். 'மேற்காட்சி'ன்னு சொல்லிப் பார்த்தேன், ஒரு பொண்ணு நடுவுல ஃபேனைப் பெருசா வரைஞ்சிருக்கா, கேட்டா "மேல அதுதானே டீச்சர் இருக்கு"ங்கிறா. பாதிப்பேரோட பெஞ்சுக்கு நாலு காலும் நாலு பக்கமா விரிஞ்சு கிடக்கு. 'வரைபடம்'னா கணக்குல கிராஃபுக்கும் அதான். என்ன போடலாம்?

சிவநேசன்:
'கிடைப்படம்' இருக்கும்போது ஏன் தேடணும் அம்மா? பொறியியல் வரைதல்ல புழங்குற சொல். நட, நடை மாதிரி கிட, கிடை. கிடைமட்டத்துல இருக்கு, உள்ளக்கிடக்கையில இருக்கு, ஆட்டுக்கிடையும் இதே வேர்தான், ஆடு ராத்திரி கிடக்கிற இடம்.

மலர்:
ஐயா, ஒன்பது வயசுக்கு கிடைன்னா 'கிடைக்கிறது'தான். நான் தீப்பெட்டியைத் தாள்மேல வச்சு சுத்திக் கோடு போடச் சொல்லி, பெட்டியை எடுத்துட்டு மிஞ்சுற கட்டத்தைக் காட்டினேன். பெஞ்சும் தரையில இப்படித்தான் இடம் பிடிக்குதுன்னதும் கால் எல்லாம் மறைஞ்சு போச்சு. அதனால 'தரைப்படம்'னு தோணுது.

நசீமா:
எங்க பிள்ளைங்க காலடியால அளந்தாங்க, ஒருத்தனுக்கு 14, இன்னொருத்திக்கு 17, ரெண்டு படமும் ஒட்டவே இல்ல. ஆளுக்கொரு சுவரை அளந்திருந்தா அறையே மூடாது. சொல்லை அப்புறம் பாருங்க, 1 மீட்டர் கயிறு ஒண்ணு கொடுங்க முதல்ல.

மலர்:
கயிறு கொடுத்தாச்சு நசீமா. அறை 8க்கு 6 மீட்டர், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர்னு 16க்கு 12, நோட்டுல உக்காந்துடுது. பள்ளிக்கூடம் 60 மீட்டர், அதே அளவுல 120 சென்டிமீட்டர் வரும், அதனால 5 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்னு மாத்தினோம். வகுப்பறை நகம் அளவுக்குச் சுருங்கிடுச்சு, பெஞ்சு போட இடமில்ல, எதை விடணும்னு அவங்களே சண்டை போட்டுக்கிட்டாங்க.

வேலு:
நான் கட்டட வரைவாளன். தரைப்படம்னா ஜன்னலை எங்க போடுவாங்க? அது தரையைத் தொடலையே. நாங்க கட்டடத்தைத் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்துல குறுக்கா வெட்டி, மேல்பாதியைத் தூக்கிட்டுக் கீழ பாக்குற மாதிரி வரையறோம். அதனாலதான் ஜன்னல் தெரியுது, ஃபேன் தெரியல.

சிவநேசன்:
பாத்தீங்களா! கிடையா வெட்டுறது, அதான் கிடைப்படம்.

மலர்:
வேலு சார் சொன்னதை ஒரு அட்டைப்பெட்டியை வெட்டிச் செஞ்சு காட்டப்போறேன், ஜன்னல் பிரச்சனை தீர்ந்துடும். சொல்லுக்கு ஏழு பேர் தரைப்படம்னு எழுதிட்டாங்க, நூல்ல அதையே போடறேன், ஆசிரியர் குறிப்புல மட்டும் கிடைப்படம் வரும்.

சிவநேசன்:
குறிப்புல இருக்கிறது மேல் வகுப்புல அவங்களுக்குப் புதுசா முளைக்கும், ரெண்டு தடவை கத்துக்கணும். எனக்கு உடன்பாடில்ல, பதிவு பண்ணிக்கோங்க.