பிக்கப் வரல, பார்சல் குவியுது: கேன்சல் பண்ணலாமா, காத்திருக்கலாமா?

சென்னிமலை ஜமக்காளம்:
வீட்டிலிருந்தே பெட்ஷீட், துண்டு விற்கிறேன். பல கூரியர் கம்பெனிகளை ஒரே இடத்தில் காட்டும் ஆப்பில்தான் புக்கிங். திங்கள்கிழமை 14 பார்சலுக்கு லேபிள் ஒட்டிக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை, ஒரு போன்கூட இல்லை. சாயங்காலம் பார்த்தால் Seller Not Ready என்று காட்டுது. செவ்வாயும் அப்படியே. புது ஆர்டரும் சேர்ந்து இப்போ ஹாலில் 23 கிடக்கு. எல்லாத்தையும் கேன்சல் பண்ணி வேற கூரியர்ல போட்டுடவா?

பெருந்துறை துணி:
போட்டுடுங்க, எதுக்குக் காத்திருக்கணும்? நான் எப்பவும் ஒரே பார்சலை ரெண்டு கம்பெனியில புக் பண்ணி வச்சிருவேன். யார் முதல்ல வர்றாங்களோ அவங்ககிட்ட கொடுத்துட்டு இன்னொண்ணை கேன்சல் பண்ணிருவேன்.

முன்னாள் ஹப் ஊழியர்:
வேற கூரியருக்கு மாத்தறது சில சமயம் சரிதான். ஆனா ரெண்டு புக்கிங் ஆபத்து. பழைய லேபிளைக் கிழிக்காம மேலேயே புதுசை ஒட்டுவாங்க, ஓரத்துல பழைய பார்கோடு தெரியும். ஹப்புல எது ஸ்கேன் ஆகுதோ அந்த நம்பர்லதான் அது போகும். நம்பர் கேன்சல் ஆனதுன்னா பார்சல் ஒரு மூலையில உட்கார்ந்துடும்.

அக்கா, ஒண்ணு சொல்லுங்க. அந்த 14 எத்தனை கம்பெனிக்குப் போகுது?

சென்னிமலை ஜமக்காளம்:
ரேட் கம்மியா இருக்கறதை ஆப்பே எடுத்துக்கும் தம்பி. இப்போதான் பிரிச்சுப் பார்த்தேன். 6, 4, 3, 1. நாலு கம்பெனி.

முன்னாள் ஹப் ஊழியர்:
பிரச்சினை அங்கேதான் இருக்கு. உங்களுக்கு 14 பார்சல், ஆனா ஒவ்வொரு கம்பெனி பையனுக்கும் அது சராசரியா மூணோ நாலோதான். அவன் கையில அன்னைக்கு டெலிவரி, பிக்கப்புன்னு நீளமான லிஸ்ட் இருக்கும். ராத்திரி லாரி கிளம்பறதுக்குள்ள அவன் ஹப்புக்குத் திரும்பியாகணும். நேரம் இறுகும்போது ஊருக்கு வெளியே இருக்கற, ஒரே ஒரு பார்சல் உள்ள வீடுதான் முதல்ல விடுபடும். விட்ட பிக்கப்பை ஏதாவது காரணம் போட்டுத்தான் ஆப்பில மூட முடியும். அதனாலதான் வராமலே Seller Not Ready விழுது.

இன்னொண்ணு, பிக்கப் கோரிக்கையில எத்தனை பார்சல்னு சரியா போடுங்க. 1னு போட்டிருந்தா பைக்குல வருவான். பெட்ஷீட் பார்சல் ஆறு ஒரு பைக் பைல அடங்காது.

வேலூர் ஊறுகாய்:
எனக்கும் இதே தொல்லை! கஸ்டமர் வீட்டுல ஆளே இல்லைன்னு பொய் சொல்லி பார்சலைத் திருப்பி அனுப்பிடறாங்க. ரெண்டு பக்கச் செலவும் என் தலையில!

முன்னாள் ஹப் ஊழியர்:
அது டெலிவரி பக்கம்ங்க. இங்க பார்சல் கிளம்பவே இல்லை.

அக்கா, இனி ஆப் தானா எடுக்கறதை நிறுத்தி, முக்கால்வாசியை ஒரே கம்பெனிக்குப் போடுங்க. தினமும் அஞ்சாறு கிடைக்கற வீட்டைப் பையன் விடமாட்டான். இப்போ குவிஞ்சிருக்கறதுல திங்கள் தேதி பார்சலை முதல்ல தனியா எடுத்து வையுங்க. லேபிள் போட்டுச் சில நாள் நகராம இருந்தா சிஸ்டமே கேன்சல் பண்ணிடும். அந்த 6 உள்ள கம்பெனிக்கு ஹப்புல நேரா வாங்குவாங்களான்னு போன்ல கேட்டுட்டு, கொண்டுபோய்க் கொடுங்க. அந்த ஒத்தைப் பார்சலை மட்டும் கேன்சல் பண்ணுங்க.

பெருந்துறை துணி:
ஒரே கம்பெனின்னா எனக்குப் பார்சலுக்கு 9 ரூபாய் கூடுது. துண்டு வித்து எவ்வளவு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி ஸ்ட்ரைக்னா மொத்தமும் நின்னுடும்.

முன்னாள் ஹப் ஊழியர்:
14க்கு 126 ரூபாய், ஒத்துக்கறேன். ஆனா லேட்டா போன ஒரு சிஓடி பார்சலை கஸ்டமர் வாங்கலைன்னா போக வரச் செலவே அதை முழுங்கிடும். முழுசா ஒண்ணுல போடச் சொல்லல. ரெண்டாவது கம்பெனி ஒண்ணு கையில இருக்கட்டும்.

தபால் பிரியர்:
முன்பணம் கட்டின ஆர்டரை ஸ்பீட் போஸ்டுல போடலாமே. 35 கிலோ வரை எடுக்கறாங்க. கவுண்டர்லயே ரசீது கையில வந்துடும், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பெருந்துறை துணி:
23 பெட்ஷீட்டைத் தூக்கிட்டு வரிசையில நிக்கறது யாரு? வர்ற ஆட்டோ காசையும் சேர்த்துப் பாருங்க.

சென்னிமலை ஜமக்காளம்:
இன்னைக்கு ஆறையும் ஹப்புல கொடுத்துட்டேன். அங்கேயே நின்னு பார்த்தேன், ஒருத்தர் எதையும் ஸ்கேன் பண்ணாம மூட்டையில போடப் போனார். ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணச் சொல்லி, ஆப்பில Picked Up வந்த பிறகுதான் நகர்ந்தேன். ஒண்ணு ஸ்கேன் ஆகவே இல்லை. லேபிள் மேல டேப் ஒட்டியிருந்தேன், அது மினுங்கி பார்கோடு தெரியலையாம். எடுத்துட்டு வந்து வேற லேபிள் அடிச்சாச்சு.

அந்த 4, 3 உள்ள ரெண்டு கம்பெனியும் இன்னும் வரலை. நாளைக்கும் வரலைன்னா கேன்சல்தான். வாலட் பணம் திரும்பறதுக்கு எத்தனை நாள் ஆகுதுன்னு யாருக்காவது தெரியுமா?