ஒரு வேலை, ஒரு பலன், ஓர் அழைப்பு: இந்தக் குறுங்காணொளிக்குத் தமிழில் என்ன பெயர்?

உப்புவெளி, இணையத்தளம் வடிவமைக்கும் பெண்:

வணக்கம். சுயாதீனமாக வேலை செய்யும் எங்களில் பலர் இப்போது பழைய வேலைகள் எல்லாவற்றையும் கோவையாகக் காட்டுவதில்லை. முடித்த ஒரு வேலையை மட்டும் எடுத்து, அதன் ஒரு பலனைச் சொல்லி, கடைசியில் ‘பேசுங்கள்’ என்று அழைத்து அரை நிமிடக் காணொளி போடுகிறோம். இதை ‘போர்ட்ஃபோலியோ ஷோர்ட்’ என்றே சொல்லி வருகிறோம். நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும்.

நான் செய்துகொண்டிருப்பது நிலாவெளி விடுதி ஒன்றின் இணையத்தளம் பற்றியது. சித்திரையில் தளத்தைத் திருத்திக் கொடுத்தேன், ஆனியில் முன்பதிவு இரண்டு மடங்கானது. அதையே பலனாகப் போட நினைக்கிறேன்.

மூதூர், மாணவர்:

அக்கா, ‘பணி முன்னோட்டம்’ நன்றாக இருக்கும். முன்பதிவு இரட்டிப்பு என்பதை முதல் இரண்டு விநாடிக்குள் எழுத்தில் காட்டுங்கள். பலன் கடைசியில் வந்தால் அதற்குள் விரல் அடுத்த காணொளிக்குப் போய்விடும்.

திருகோணமலை நகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முன்னோட்டம் வரப்போவதைச் சொல்வது. இங்கே வேலை முடிந்து பலனும் வந்துவிட்டது. ‘பணிச்சான்று’ என்று பார்த்தேன், ஆனால் அதைக் கேட்டவுடன் அலுவலகத்தில் கையெழுத்திட்டுத் தரும் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. எடுத்துக்காட்டு போல ‘பணிக்காட்டு’ எனலாம். உருபு சேர்ந்து ‘பணிக்காட்டில்’ என்று வரும்போது காடு எட்டிப் பார்க்கிறது, அதுதான் யோசனை.

உப்புவெளி, காணொளித் தொகுப்பாளர்:

பெயருக்கு முன் பலனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தங்கச்சி. நம் கரையில் கடல் அடங்கிப் பயணிகள் வரத் தொடங்குவதே சித்திரை, வைகாசியில்தான். தளத்தைத் தொடாமல் விட்டிருந்தாலும் ஆனியில் முன்பதிவு ஏறியிருக்கும். அதை உங்கள் வேலையின் பலன் என்றால், விடுதி நடத்துகிற யாருமே நம்பமாட்டார். போன வருட ஆனியோடு ஒப்பிட்டாலும் அது பாதிச் சான்றுதான். வாடகையைக் குறைத்திருக்கலாம், வேறு தளத்தில் விளம்பரம் போட்டிருக்கலாம்.

உங்கள் கை மட்டும் பட்டு மாறியது எது என்று பாருங்கள். முகப்பில் இருந்த படங்களை என்ன செய்தீர்கள்?

உப்புவெளி, இணையத்தளம் வடிவமைக்கும் பெண்:

கைபேசியில் எடுத்த பன்னிரண்டு படங்கள் அப்படியே ஏற்றப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 4,000 பிக்சல் அகலம், 4 எம்பி அளவில். அகலத்தை 1,200 ஆக்கிச் சுருக்கினேன், ஒரு படம் 150 கேபிக்குள் வந்துவிட்டது. 48 எம்பி இருந்த இடத்தில் இப்போது 2 எம்பிகூட இல்லை.

உப்புவெளி, காணொளித் தொகுப்பாளர்:

அதுதான் பலன்! இரண்டு கைபேசிகளை அருகருகே வைத்து, ஒரே இணைப்பில் பழைய பக்கத்தையும் புதியதையும் ஒன்றாகத் திறந்து, வெட்டாமல் காட்டுங்கள். பழையதன் நகல் ஒன்று இருக்க வேண்டும், இரண்டிலும் தற்காலிக நினைவகத்தை அழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே திறந்து பார்த்த பக்கம் வேகமாக வந்து ஒப்பீட்டைக் கெடுத்துவிடும்.

அழைப்பு வரிக்கு வருவோம். யூடியூப் ஷோர்ட்ஸ் விவரிப்பில் போடும் இணைப்பு 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து சொடுக்க வராது. அதனால் உங்கள் வாட்ஸ்அப் எண்ணைத் திரையிலேயே எழுதி, நாலைந்து விநாடி நிற்க விடுங்கள். அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் செயலியின் பொத்தான்கள் மறைக்கும், ஆகவே நடுவுக்குச் சற்று மேலே. ‘தொடர்புகொள்ளவும்’ என்று மட்டும் எழுதினால் பார்ப்பவருக்கு என்ன பேசுவதென்று தெரியாது. ‘உங்கள் விடுதிப் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எங்கே சுணங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்’ என்று எழுதுங்கள். அனுப்புவது அவருக்கும் சுலபம், பதில் சொல்வது உங்களுக்கும் சுலபம்.

கிண்ணியா, கல்யாணப் படப்பிடிப்பாளர்:

எனக்கு இப்படி எம்பி, கேபி என்று காட்டக் கணக்கே இல்லையே. கல்யாணப் படத்துக்கு என்ன பலன் காட்டுவது? அல்பத்தை எத்தனை பக்கம் என்று சொல்வதா?

உப்புவெளி, காணொளித் தொகுப்பாளர்:

பக்க எண்ணிக்கை பலன் ஆகாது, நானா. இருட்டு மண்டபத்தில் எடுத்த மூலப் படத்தையும் நீங்கள் கொடுத்த படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் போதும். மணமக்களிடம் மட்டும் முதலில் அனுமதி கேளுங்கள்.

திருகோணமலை நகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வழிகாட்டி, நாட்காட்டி வரிசையில் ‘பணிகாட்டி’ என்றால் காடு வராது. ‘பணிகாட்டியில் பார்த்தேன்’ என்று இயல்பாகவும் பேசலாம்.

மூதூர், மாணவர்:

ஐயா, அதில் பலன் என்பதே இல்லையே? இவ்வளவு நேரம் பேசியது அதைப் பற்றித்தானே. ‘பலன்காட்டி’ என்றால் என்ன?

திருகோணமலை நகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பலன் என்றவுடன் ராசிபலன் நினைவுக்கு வருமோ என்று தயங்குகிறேன். ஆனாலும் நீங்கள் கேட்பது நியாயம்.

உப்புவெளி, இணையத்தளம் வடிவமைக்கும் பெண்:

சரி, இப்போதைக்குப் ‘பணிகாட்டி’ என்றே தலைப்பிடுகிறேன். பழைய பக்கத்தின் நகலை விடுதிக்காரரிடம் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் படம்பிடிப்பேன்.