ஐந்து புள்ளித் திருப்திக் கேள்விக்குச் சராசரி போடலாமா?

முகில்_07:
அலுவலகத்தில் ஒரு மென்பொருள் பயிற்சி, இரண்டு குழுக்களாக நடந்தது. முடிவில் ஒரே கேள்வி: எவ்வளவு திருப்தி? 1 என்றால் கொஞ்சமும் இல்லை, 5 என்றால் முழுத் திருப்தி. குழுவுக்கு 20 பேர். 1 முதல் 5 வரை ஒவ்வொன்றையும் எத்தனை பேர் சொன்னார்கள் என்பது இது:

அ குழு: 1, 2, 10, 6, 1
ஆ குழு: 6, 2, 2, 2, 8

இரண்டுக்கும் சராசரி 3.2 வருகிறது. மேலாளர் இரண்டு பட்டை போட்டு "இரு குழுவிலும் 64% திருப்தி, வித்தியாசம் இல்லை" என்று எழுதச் சொல்கிறார். எனக்கு நெருடுகிறது. இதற்குச் சராசரி போடலாமா, கூடாதா? எந்த வரைபடம் சரி?

கறார்_கணக்கு:
கூடாது. இது வரிசை அளவு. 1க்கும் 2க்கும் உள்ள தூரமும் 4க்கும் 5க்கும் உள்ள தூரமும் ஒன்றே என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, முன்பின் மட்டும்தான் தெரியும். உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946ல் சயன்ஸ் இதழில் நான்கு அளவுகளையும் பிரித்து எழுதிய நாளிலிருந்து விதி இதுதான்: எண் வெறும் பெயராக நிற்கும் பெயரளவுக்கு, அதிகம் பேர் சொன்ன மதிப்பான முகடு; வரிசைக்கு, வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பான இடைநிலை; தூரங்கள் சமமாக உள்ள இடைவெளி அளவு வந்த பிறகுதான் சராசரி. இடைநிலை எடுங்கள், நடுப் பாதிப் பேர் நிற்கும் இடத்தைப் பெட்டியாகவும் இடைநிலையை அதில் ஒரு கோடாகவும் காட்டும் பாக்ஸ் பிளாட் வரையுங்கள். முடிந்தது.

கயல்_தரவு:
முடியவில்லை. நீங்கள் சொன்னபடியே இந்த எண்களில் போட்டுப் பாருங்கள். அ குழுவில் இடைநிலை 3, அதில் சிக்கல் இல்லை. ஆ குழுவில் வரிசைப்படுத்தினால் 10வது ஆள் 3 சொல்கிறார், 11வது ஆள் 4 சொல்கிறார். மென்பொருள் 3.5 என்று தரும். அந்த 3.5 எங்கிருந்து வந்தது? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதாவது நீங்கள் கூடாது என்ற அதே சராசரி. கறாராக இருப்பதென்றால் "3க்கும் 4க்கும் நடுவில்" என்று மட்டும்தான் எழுத முடியும்.

அதைவிடப் பெரிய குறை, 3 அல்லது 4 சொன்னவர்கள் ஆ குழுவில் மொத்தமே 4 பேர். 14 பேர் இரண்டு ஓரங்களில் நிற்கிறார்கள். பாக்ஸ் பிளாட் வரைந்தால் பெட்டி 1ல் தொடங்கி 5 வரை அச்சு முழுவதையும் அடைத்துக்கொள்ளும், நடுவில் ஆட்கள் குறைவு என்பது அதில் தெரியாது. அ குழுவுக்கு 3 முதல் 4 வரை ஒரு சின்னப் பெட்டி வரும், இடைநிலைக் கோடு அதன் விளிம்போடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். ஐந்தே மதிப்புகள் வரக்கூடிய இடத்தில் பாக்ஸ் பிளாட் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

பட்டறைவாசி:
இந்த "கூடாது" கூச்சலே எனக்குப் பிடிப்பதில்லை. உலகம் முழுக்க இந்தக் கேள்விகளுக்குச் சராசரி போடுகிறார்கள், வேலையும் நடக்கிறது. ஸ்டீவன்ஸே அந்தக் கட்டுரையில் கறாராகப் பார்த்தால் வரிசை அளவுக்குச் சராசரி ஆகாது, ஆனாலும் பல இடங்களில் அது பயன் தருகிறது என்று ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார், அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 1953ல் பிரெடரிக் லார்ட் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஆட்டக்காரர்களின் சட்டை எண்களுக்கே சராசரி போட்டுக் காட்டினார். பெயரளவு எண், அதற்கும் கீழே போக முடியாது! தங்களுக்குச் சின்ன எண்களாகவே வந்துவிட்டன என்று ஒரு குழு முறையிடுகிறது. எண்களை வழங்கிய இயந்திரம் அவற்றைக் குருட்டாம்போக்கில்தான் கொடுத்ததா என்று பார்க்க அந்தச் சராசரி சரியாகவே உதவுகிறது. எண்ணுக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்று தெரியாது.

கறார்_கணக்கு:
லார்டின் கேள்வி எண்களை எடுத்துக் கொடுத்த இயந்திரத்தைப் பற்றியது, ஆட்டக்காரர்களைப் பற்றியது இல்லை. முகில் கேட்பது மனிதர்களின் திருப்தியைப் பற்றி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஆய்வக_எலி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான். இரண்டு குளிர்பெட்டிகளின் வெப்பநிலை ஏற்ற இறக்கத்தை ஒப்பிட மாறுபாட்டுக் கெழு போட்டேன், அதாவது திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தேன். ஒன்றில் சராசரி 4°C, திட்ட விலக்கம் 1, எனவே 25%. இன்னொன்றில் −18°C, திட்ட விலக்கம் அதே 1, கெழு −5.6% என்று மைனஸில் வருகிறது. இதற்கும் இடைநிலைதான் எடுக்க வேண்டுமா?

கயல்_தரவு:
உங்களுடையது வேறு பிரச்சினை, இதற்கு இடைநிலை மருந்தாகாது. செல்சியஸ் இடைவெளி அளவு, கூட்டல் கழித்தல் சராசரி திட்ட விலக்கம் எல்லாம் தாராளமாகப் போடலாம். வகுத்தல்தான் ஆகாது, ஏனென்றால் அதன் பூஜ்யம் நாம் வைத்த பூஜ்யம். அதே முதல் பெட்டியை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் சராசரி 39.2, திட்ட விலக்கம் 1.8, கெழு 4.6% ஆகிவிடும். கெல்வினில் 277.15, அப்போது 0.36%. பெட்டி அசையவே இல்லை, அலகை மாற்றியதும் விடை 25லிருந்து 0.36 ஆகிறது என்றால் அந்த விடை பெட்டியைப் பற்றியது இல்லை. திட்ட விலக்கத்தை டிகிரியிலேயே எழுதி ஒப்பிடுங்கள்: இரண்டிலும் 1, ஏற்ற இறக்கம் ஒரே அளவு.

வரைபடத்திலும் இதே கதை. 0°C-ல் இருந்து எழும் பட்டை, நீளத்தை ஒப்பிடச் சொல்லிக் கண்ணை இழுக்கும். 20 டிகிரி 10 டிகிரியைவிட இரு மடங்கு சூடு என்று படிக்க வைக்கும். புள்ளிகளும் கோடும் போதும். பட்டையைப் பூஜ்யம் உண்மையிலேயே "ஒன்றுமில்லை" என்று ஆகும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எடை, நேரம், தலைக்கணக்கு.

முகில்_07:
அப்படியானால் மேலாளரின் 64%?

கயல்_தரவு:
அதே தவறின் இன்னொரு உருவம். 3.2ஐ 5ஆல் வகுத்திருக்கிறார், அதாவது 0 என்றொரு பதில் இருப்பதாக வைத்துக்கொண்டார். உங்கள் கேள்வியில் குறைந்த பதிலே 1. அதே ஐந்து பெட்டிகளுக்கு 0 முதல் 4 வரை எண் போட்டிருந்தால் சராசரி 2.2, நான்கால் வகுத்தால் 55%. ஒருவர்கூடத் தன் பதிலை மாற்றவில்லை, ஒன்பது சதவீதப் புள்ளி காணாமல் போகிறது. அந்த வாக்கியத்தை மட்டும் எப்படியாவது அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. "சராசரி போடலாமா" என்பதைவிட "எண்களை மாற்றிக் கொடுத்தாலும் முடிவு நிற்குமா" என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. வரிசை மட்டும்தான் தெரியும் என்றால் 1, 2, 3, 4, 5க்கு உள்ள உரிமை 1, 2, 3, 4, 7க்கும் உண்டு. அப்படிப் போட்டால் அ 3.3, ஆ 4.0, ஆ குழு முந்துகிறது. அடியில் இருப்பவர்களின் எரிச்சல் இன்னும் ஆழம் என்று நினைத்து −1, 2, 3, 4, 5 போட்டால் அ 3.1, ஆ 2.6, இப்போது அ குழு முந்துகிறது. ஆக "வித்தியாசம் இல்லை" என்பது அந்த 40 பேர் சொன்னதல்ல, படிவம் அச்சடித்தவர் போட்ட எண்கள் சொன்னது.

பட்டறைவாசி:
எப்போதுமே இப்படிக் கவிழ்க்கலாமே. ஏதாவது எண்ணைப் போட்டால் எதையும் காட்டலாம்.

கயல்_தரவு:
எப்போதும் முடியாது, சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. கீழிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அ: 1, 3, 13, 19, 20. ஆ: 6, 8, 10, 12, 20. முதல் இரண்டு படியில் ஆ பெரிது, மூன்றாவது படியில் அ பெரிதாகிவிட்டது, அதாவது இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. வெட்டினால் யார் முன்னே என்பது நீங்கள் தரும் எண்ணைப் பொறுத்தது. வெட்டாமல் ஒரு குழு எல்லாப் படியிலும் மற்றதற்குக் கீழேயோ சமமாகவோ இருந்தால், ஏறுவரிசையில் நீங்கள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்தக் குழுவின் சராசரிதான் பெரிதாக வரும். அப்போது பட்டறைவாசி சொல்வது சரி, "யார் முன்னே" என்ற கேள்விக்குச் சராசரி போட்டால் கெடுதல் இல்லை. எவ்வளவு முன்னே என்பதை மட்டும் அதை வைத்துச் சொல்ல முடியாது.

பாண்டாஸில் ஒரே வரி:

```python
pd.crosstab(df["batch"], df["q1"], normalize="index").cumsum(axis=1)
```

இரண்டு வரிசை எண்கள் வரும், எங்காவது பெரியது சிறியது இடம் மாறுகிறதா என்று பாருங்கள். கவனம், இது உங்கள் கையில் இருக்கும் பதில்களைப் பற்றி மட்டும். 20 பேரை வைத்து அடுத்த குழுவைப் பற்றிப் பேச முடியுமா என்பது தனிக் கேள்வி.

வரைபடத்துக்கு, குழுவுக்கு ஒரு கிடைப்பட்டை, ஐந்து துண்டுகளாக அடுக்கி 100% ஆக்கியது. வண்ணங்களை ஒரே வரிசையில் வையுங்கள், அடர்த்தி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மாறட்டும். அ-வில் 1 அல்லது 2 சொன்னவர்கள் 15%, நடுவில் 50%, 4 அல்லது 5 சொன்னவர்கள் 35%. ஆ-வில் 40, 10, 50. மேலாளருக்கு இந்த ஒரு படம் போதும்.

கறார்_கணக்கு:
அந்த அடுக்குப் பட்டைக்கு நானும் கை தூக்குகிறேன். வட்டப்படம் மட்டும் வேண்டாம், அதில் 5 வந்து 1 பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், வரிசை போய்விடும்.

முகில்_07:
இன்னொன்று. அதே கோப்பில் துறை எண் 1 முதல் 6 வரை இருக்கிறது, அதற்கும் மென்பொருள் தானாகவே சராசரி போட்டிருக்கிறது.

கறார்_கணக்கு:
அதை உரையாக மாற்றிவிடுங்கள், தொல்லை தீரும். துறைவாரியாகத் தலைக்கணக்கு, அதிகம் உள்ளதை மேலே வைத்துப் பட்டை வரைபடம். பட்டைகளின் நுனிகளைக் கோடு போட்டு இணைக்காதீர்கள், துறைகளுக்கு நடுவே எதுவும் ஏறவோ இறங்கவோ இல்லை. ஹிஸ்டோகிராம் என்று கேட்டால் மென்பொருள் அதையும் வரைந்து தரும், வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பட்டறைவாசி:
சரி, ஒற்றைக் கேள்விக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லிகர்ட் 1932ல் செய்தது பல கூற்றுகளுக்கு வந்த பதில்களைக் கூட்டிப் போடுவது. பத்துக் கேள்வியைக் கூட்டி 10 முதல் 50 வரை மதிப்பெண் வந்தால் அதற்குச் சராசரி, திட்ட விலக்கம், ஹிஸ்டோகிராம் எல்லாம் நான் போடத்தான் செய்வேன். ஒரு கேள்வியில் இடைவெளி கோணலாக இருந்தாலும் பத்தில் ஓரளவு சமன்படும்.

கறார்_கணக்கு:
பத்தும் ஒரே பக்கம் கோணலாக இருந்தால்? வரிசைகளைக் கூட்டினால் இடைவெளி முளைக்காது.

கயல்_தரவு:
இதில் நான் பட்டறைவாசி பக்கம் பாதி தூரம் வருவேன். கூட்டிய மதிப்பெண் நடுப்பகுதியில் பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஓரங்களில்தான் பயம், பலர் 48, 49 என்று உச்சியில் முட்டிக்கொண்டு நின்றால் அங்கே ஒரு புள்ளி நடுவில் உள்ள ஒரு புள்ளிக்குச் சமமா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, உச்சியில் குவியல் இல்லை என்றால் சராசரி போடுவேன்.

கறார்_கணக்கு:
நான் அப்போதும் போட மாட்டேன்.

முகில்_07:
அடுக்குப் பட்டையை அனுப்பிவிட்டேன். மேலாளர் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி: "ஆ குழுவில் 1 போட்ட அந்த 6 பேர் யார்?" பெயர் வாங்காத படிவம், சொல்ல வழியில்லை. துறை எண்ணை வைத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார், துறைக்கு மூன்று நான்கு பேர்தான் தேறுவார்கள்.

கயல்_தரவு:
மூன்று பேருக்குச் சதவீதம் போடாதீர்கள், அப்படியே ஆள் கணக்கை எழுதுங்கள். அதற்கு முன், மூன்று பேர் உள்ள துறையில் யார் 1 போட்டார் என்று எல்லாரும் ஊகித்துவிடுவார்கள், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.