[கலைச்சொல்] "மறுசரிபார்ப்பு" சரிதானா? ஆர்டர் படிவத்தில் சர்வர் செய்யும் வேலைக்கு ஒரு பெயர்

எழில்:

வணக்கம்.

ஆர்டர் படிவம் நிரலாக்கம் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. படிவத்தில் இப்படி ஒரு புலம் இருக்கிறது:

```
<input type="number" name="qty" min="1" max="10" required>
```

பயனர் 0 என்று போட்டு 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் உலாவியே தடுத்துவிடும். ஆனாலும் இதே விதியைச் சர்வரும் பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'மறுசரிபார்ப்பு'. வினையாகவும் நன்றாக வளைகிறது: "min, max விதிகளைச் சர்வரில் மறுசரிபார்க்கவும்." ஆட்சேபம் உண்டா?

சுந்தரம்:

நல்ல சொல். எங்கள் கணக்குப் பிரிவில் ஏற்கெனவே புழங்குவதுதான். ஒருவர் போட்ட கூட்டலை இன்னொருவர் டிக் அடித்துக்கொண்டே வருவார். வேலை மலையாய்க் குவிந்த நாளில், முதல் ஆள் கையெழுத்து இருந்தால் இரண்டாம் ஆள் நாலைந்து வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவார். சர்வரும் அப்படிப் பத்தில் ஒன்றைப் பார்த்தால் போதாதா? வேகமும் கூடுமே.

இளமாறன்:

சுந்தரம் ஐயா கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுதினால் நாளைக்கு ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்துவிடுவோம். முகவரிப் பட்டையில் https இருக்கும்போது படிவத்தை வழியில் யாரும் மாற்ற முடியாது. விலை போன்றவற்றை `hidden` புலத்தில் வைத்தால் பயனர் கண்ணிலும் படாது. உலாவியில் ஒழுங்காகச் சரிபார்த்து, தவறு இருந்தால் பொத்தானையே முடக்கிவிட்டால் வேலை முடிந்தது.

மீனாட்சி:

எழில், சுந்தரம் ஐயாவின் கேள்வியே உங்கள் சொல்லுக்கு எதிரான சாட்சி. 'மறு' என்றதும் அவர் மனத்தில் முதல் ஆளின் கையெழுத்து வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு கையெழுத்தே கிடையாது. உலாவி பார்த்ததா, பார்க்கவில்லையா என்பது சர்வருக்குத் தெரியவே தெரியாது. அதன் கைக்கு வருவது ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். அந்த வரியை நான் இப்படியும் அனுப்பலாம்:

```
curl -d 'item=41&price=1&qty=3' https://example.com/order
```

இதில் உலாவியும் இல்லை, பொத்தானும் இல்லை, முடக்க எதுவும் இல்லை. இளமாறன் தம்பி, வழியில் யாரும் மாற்ற முடியாது என்றது சரி. ஆனால் இங்கே மாற்றுகிறவர் அனுப்புகிறவரேதான். https அவர் மாற்றியதையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். `hidden` புலமும் திரையில்தான் மறைந்திருக்கிறது. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் முதல் ஆளாக நிற்கும்.

கெட்ட எண்ணம் கூடத் தேவையில்லை. நம் ஜாவாஸ்கிரிப்டிலேயே யாராவது `form.submit()` என்று எழுதியிருந்தால் உலாவி `min`, `required` எதையும் பார்க்காமல் அனுப்பிவிடும். `requestSubmit()` என்றால்தான் பார்க்கும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், எண்களையும் எளிமையாக்கியிருக்கிறேன். ஓர் ஆர்டரில் இரண்டு வரி. முதல் பொருளின் விலை 900, எண்ணிக்கை 1. இரண்டாவதன் விலை 300, எண்ணிக்கை -2. கூட்டிப் பாருங்கள்: 900 − 600 = 300. சர்வரில் ஒரே ஒரு சோதனைதான் இருந்தது: மொத்தம் 0-க்கு மேல் இருக்கிறதா? 300 இருக்கிறது. பணம் கட்டும் பக்கம் 300 கேட்டது, அவர் கட்டினார், 900 பெறும் பொருள் போய்ச் சேர்ந்தது. `min="1"` படிவத்தில் அழகாக எழுதித்தான் இருந்தது.

இது எப்படிப் பிடிபட்டது தெரியுமா? கணக்கில் இல்லை. ரசீதும் 300, வரவும் 300, எல்லாம் ஒத்துப்போனது. கையிருப்பில்தான் உதைத்தது. ஆர்டர் உறுதியானதும் கையிருப்பிலிருந்து எண்ணிக்கையைக் கழிக்கிறோம் அல்லவா? −2-ஐக் கழித்தால் இரண்டு கூடும். அலமாரியில் 14 இருக்க, திரை 16 என்றது. சரக்கு வந்ததற்கான பதிவு ஒன்றுமில்லாமல் கையிருப்பு ஏறினால் முதலில் எண்ணிக்கைப் புலத்தைச் சந்தேகியுங்கள்.

ஆகவே சுந்தரம் ஐயா, சாம்பிள் பார்ப்பது இங்கே உதவாது. ஒவ்வொரு ஆர்டரிலும் ஒவ்வொரு வரியையும் பார்க்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம்.

சுந்தரம்:

அம்மா, கூட்டல் சரியாக இருந்து சரக்கு உதைப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கும் தூக்கம் வராது. புரிந்தது. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

இளமாறன்:

> `hidden` புலமும் திரையில்தான் மறைந்திருக்கிறது

ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் விலையோடு சர்வர் ஒரு மின்கையொப்பத்தையும் சேர்த்து அனுப்பட்டும். பயனர் 900-ஐ 1 ஆக்கினால் கையொப்பம் பொருந்தாது, நிராகரித்துவிடலாம். பிறகு விலையை இன்னொரு முறை தேட வேண்டியதில்லையே?

மீனாட்சி:

மாற்றியதைக் கையொப்பம் பிடித்துவிடும். பழையதைப் பிடிக்காது. நேற்றுத் திறந்த பக்கத்தில் 900 என்று கையொப்பத்தோடு இருக்கிறது. இன்று விலை 950. அந்தப் பக்கத்தை இன்று அனுப்பினால் கையொப்பம் கச்சிதமாகப் பொருந்தும். காலாவதி நேரம் வைக்கலாம்தான். ஆனால் பொருளின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு விலையைச் சர்வரே எடுத்துக்கொண்டால் இந்தப் பாடெல்லாம் இல்லை.

ஒரு நுணுக்கம். படிவத்திலிருந்து விலையை அடியோடு எடுத்துவிட்டால், 900 என்று பார்த்தவரிடம் சொல்லாமல் 950 வாங்கிவிடுவோம். அதுவும் தப்பு. அதனால் விலை வரட்டும், 'நான் பார்த்தது இது' என்ற வாக்குமூலமாக மட்டும். சர்வரின் விலையோடு ஒத்தால் மேலே போகலாம். ஒக்காவிட்டால் புது விலையைக் காட்டி, சம்மதமா என்று கேட்க வேண்டும்.

முகவரிப் பட்டியலும் இப்படித்தான். கீழ்விரி பட்டியலில் என் இரண்டு முகவரிகள் மட்டும் தெரியும். ஆனால் அனுப்புவது `address_id=77` போன்ற ஓர் எண். அதை 78 ஆக்கினால், உறுதிசெய்யும் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டு முகவரி வந்து நிற்கக்கூடும். முகவரி இவருடையதுதானா என்பதைச் சர்வர் மட்டும்தான் சொல்ல முடியும். இதை உலாவி எப்போது பார்த்தது, நாம் 'மறு' என்று சொல்ல?

ரஹீமா:

நான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒரு புலம்பல். பொருளை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்பை ஒரு படிவத்தில் ஐந்து வரியாக எழுதினேன். 200 எழுத்து வரை அனுமதி, சரியாக 200-இல் நிறுத்தினேன். உலாவி ஒன்றும் சொல்லவில்லை. அனுப்பியதும் 'செல்லாத உள்ளீடு' என்று ஒற்றை வரி. எந்தப் புலம், என்ன தவறு, மூச்சு இல்லை. படிவமும் வெறுமையாகிவிட்டது. மூன்று முறை தட்டச்சு செய்து கைவிட்டேன். உங்கள் சர்வர் இவ்வளவு கறாராக இருக்கத்தான் வேண்டுமா?

மீனாட்சி:

ரஹீமா, ஐந்து வரி என்றால் நான்கு என்டர். `textarea`-வின் `maxlength` ஒரு என்டரை ஒன்று என்று எண்ணும். அனுப்பும்போது உலாவி அதே என்டரை `\r\n` என்று இரண்டாக்கிவிடும். சர்வரில் 204. உங்கள் மேல் தவறே இல்லை. சர்வர் முதலில் `\r\n`-ஐ ஒன்றாக்கிவிட்டு எண்ணியிருக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. `maxlength` எண்ணுவது குறியெண்களை, நாம் கண்ணால் எண்ணும் எழுத்துகளை அல்ல. 'கு' அதற்கு இரண்டு. சர்வர் நிரல் பைட்டுகளை எண்ணினால் யுடிஎஃப்-8-இல் அதே 'கு' ஆறு. இளமாறன் பயந்தது இதற்குத்தான் பொருந்தும்: விதி ஒன்று, எழுதிய இடம் இரண்டு, எண்ணும் முறை வெவ்வேறு.

படிவத்தை வெறுமையாக்கியது தனிக் குற்றம். நிராகரிக்கும்போது எழுதியதையெல்லாம் திருப்பிக் கொடுத்து, தவறான புலத்தின் பக்கத்திலேயே காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எழில்:

சரி, 'மறு'வைக் கைவிடுகிறேன். (அது 'மறுப்பு'க்கும் பகுதி, களங்கத்துக்கும் பெயர். யோசித்தபோதே கொஞ்சம் உறுத்தியது.)

இரண்டு வேலைக்கும் வேறு வேறு பெயர் வைத்துப் பார்க்கிறேன். உலாவி செய்வது உடனுக்குடன் தவறைச் சுட்டிக்காட்டும் உபசாரம், ஆகவே 'உடன்சுட்டல்'. சர்வர் செய்வதுதான் ஆர்டரை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு, ஆகவே 'ஏற்புச் சரிபார்ப்பு'. "எண்ணிக்கையின் உடன்சுட்டல் உலாவியில் நடக்கும், ஏற்புச் சரிபார்ப்பு சர்வரில் நடக்கும்." எப்படி இருக்கிறது?

இளமாறன்:

உடன்சுட்டல் பிடித்திருக்கிறது. ஏற்புச் சரிபார்ப்பு வேண்டாம். மென்பொருளை வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளுமுன் செய்யும் சோதனையை 'ஏற்புச் சோதனை' என்கிறோம், இரண்டும் குழம்பும். நேராக 'சேவையகச் சரிபார்ப்பு' என்றால் தேடுகிறவருக்கும் கிடைக்கும்.

சுந்தரம்:

எனக்குச் சேவையகம் என்றாலே கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது. சர்வர் என்றே இருக்கட்டுமே.

மீனாட்சி:

சேவையகச் சரிபார்ப்பு எங்கே என்பதைச் சொல்கிறது, எதற்கு என்பதைச் சொல்லவில்லை. ஆனால் இளமாறன் சொல்லும் குழப்பமும் உண்மைதான்.

ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு உருப்படிக்கு ஒரே நொடியில் இருவர் ஆர்டர் கொடுக்கிறார்கள். முதலில் கையிருப்பைப் பார்த்துவிட்டுப் பிறகு கழித்தால், இருவருக்கும் 'இருக்கிறது' என்று பதில் போய்விடும். அதனால் பார்ப்பதையும் கழிப்பதையும் ஒரே கட்டளையில் வைக்கிறோம்:

```
UPDATE stock SET qty = qty - 2
WHERE item_id = 41 AND qty >= 2;
```

ஒரு வரிசை மாறினால் ஆர்டர் ஏற்கப்பட்டது, எதுவும் மாறாவிட்டால் இல்லை. இதில் சரிபார்ப்பு எங்கே முடிகிறது, ஏற்பு எங்கே தொடங்குகிறது? பிரிக்கவே முடியவில்லை. அதனால் நான் 'ஏற்பு' பக்கம் சாய்கிறேன்.

இளமாறன்:

என்னைக் கேட்டால் அது சரிபார்ப்பே இல்லை, ஒதுக்கீடு. அதற்குத் தனிச் சொல் வேண்டும்.

எழில்:

அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். கையேட்டில் இப்போதைக்கு 'உடன்சுட்டல்', 'சர்வரில் ஏற்புச் சரிபார்ப்பு' என்று எழுதி, 'சேவையகச் சரிபார்ப்பு' என்பதைச் சொல்லடைவில் சேர்த்திருக்கிறேன். ரஹீமா, உங்கள் 204-ஐ எடுத்துக்காட்டாகப் போட்டுக்கொள்ளலாமா?

ரஹீமா:

தாராளமாக. அந்த ஆர்டர்தான் கடைசிவரை போகவில்லை.