சர்க்கரைப் புண் டிரெஸ்ஸிங் சீட்டில் அளவு திடீரென்று கூடியிருக்கிறது, குழியும் இரண்டு இடத்தில் காட்டுகிறது. புண் மோசமாகிறதா?

காவிரிக்கரை:
மாமனாருக்கு 66 வயது. 18 வருடமாகச் சுகர். இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே நடக்கும்போது அழுந்துகிற இடத்தில் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் டிரெஸ்ஸிங் பண்ணுகிறேன். வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் நீளம், அகலம், ஆழம், புண்ணுக்குள் என்ன நிறம் எத்தனை சதவீதம் என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். இதுவரை எழுதியது:

1ஆம் வாரம்: 3.0 × 2.5, ஆழம் 0.4. சிவப்பு 50, மஞ்சள் 50.
2ஆம் வாரம்: 2.8 × 2.4, ஆழம் 0.4. சிவப்பு 60, மஞ்சள் 40.
3ஆம் வாரம்: 2.6 × 2.2, ஆழம் 0.4. சிவப்பு 60, மஞ்சள் 30, வெள்ளை 20.
4ஆம் வாரம் (ஆஸ்பத்திரியில் எழுதியது): 3.4 × 2.8, ஆழம் 0.9. சிவப்பு 80, மஞ்சள் 20. குடைவு 2 மணி, 1.2.
5ஆம் வாரம் (வீட்டுக்கு வரும் நர்ஸ்): 3.1 × 2.6, ஆழம் 0.8. சிவப்பு 85, மஞ்சள் 15. குடைவு 8 மணி, 1.2.

எல்லாம் செ.மீ. மூன்று வாரம் குறைந்துகொண்டே வந்தது, நாலாவது வாரம் ஒரே தாவாகத் தாவிவிட்டது. போதாக்குறைக்கு ஒருவர் 2 மணியில் குழி என்கிறார், இன்னொருவர் 8 மணியில் என்கிறார். புதிதாக இன்னொரு குழி விழுந்துவிட்டதா? என் கை சரியில்லை என்று வீட்டில் பேச்சு வேறு.

நெல்லைத்தம்பி:
அக்கா, நீளம் என்றால் எப்பவும் புண்ணில் எது அதிக நீளமோ அதுதான். சாய்வாக இருந்தாலும் அதையே எடுக்கணும். அதற்குக் குறுக்கே செங்குத்தாக அகலம். நீங்க விரலிலிருந்து குதிகால் பக்கமா நேராக வைத்து அளந்திருப்பீங்க, அதான் குறைவாகக் காட்டியிருக்கு. ஆஸ்பத்திரி அளவுதான் சரி, உங்களுடையது தப்பு.

கொங்கு மகன்:
எங்கம்மாவுக்கு குதிகாலில் கறுப்பாக, காய்ந்த தோல் மாதிரி இருந்தது. ரத்த ஓட்டம் கம்மி, காய்ந்து கெட்டியாக இருக்கும்வரை அதில் கை வைக்காதீங்க என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்க மாமாவுக்கும் கறுப்பு இருந்தால் சுரண்ட விடாதீங்க.

காவிரிக்கரை:
கறுப்பு எங்கேயும் இல்லை அண்ணா. சிவப்பும் மஞ்சளும்தான். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை.

வார்டு சிஸ்டர்:
20 வருடமாக சர்ஜரி வார்டில் டிரெஸ்ஸிங் போடுகிறேன். முதலில் ஒரு கேள்வி. நாலாவது வாரம் ஆஸ்பத்திரியில் அளந்தது புண்ணை வெட்டிச் சுத்தம் செய்வதற்கு முன்னா, பின்னா?

காவிரிக்கரை:
வெட்டினார்கள் சிஸ்டர். சுற்றியிருந்த தடித்த தோலைப் பிளேடால் சீவி எடுத்தார்கள். மஞ்சளையும் கொஞ்சம் எடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் ஸ்கேல் வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

வார்டு சிஸ்டர்:
பாதிக் கதை அங்கேயே முடிந்தது. உள்ளங்காலில் அழுத்தம் படுகிற இடத்துப் புண்ணுக்கு ஓரமெல்லாம் காய்ப்புக் கட்டும். அந்தக் காய்ப்பு கூரை மாதிரி புண்ணின் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் ஸ்கேல் வைத்தது கூரையின் வாசலுக்கு, ஆஸ்பத்திரியில் அளந்தது கூரையைப் பிரித்த பிறகு தெரிந்த முழு அறைக்கு. வெட்டிய அன்றைக்குப் புண் பெரிதாகத் தெரிவதுதான் வழக்கம். அதனால்தான் வார்டில் வெட்டுவதற்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு எழுதுவோம். உங்கள் சீட்டில் அதற்கு இடம் இல்லையென்றால் ஓரத்தில் "வெட்டிய பின்" என்று எழுதி வையுங்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 4ஆம் வாரத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 3.4ஐ 2.8ஆல் பெருக்கினால் 9.52. ஐந்தாவது வாரம் 3.1 × 2.6, அதாவது 8.06. ஒரே வாரத்தில் சுமார் 15 சதவீதம் குறைந்திருக்கிறது. இது நல்ல திசைதான். பொதுவாக நாலு வாரத்தில் பரப்பு பாதிக்குப் பாதி குறைகிறதா என்று பார்ப்போம், உங்களுக்கு அது 4.8க்குப் பக்கத்தில் வரும். அந்த அளவுக்கு இறங்கவில்லையென்றால் கட்டு மருந்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. ரத்த ஓட்டம், அழுத்தம், எலும்பு மூன்றையும் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

நெல்லைத்தம்பி சொன்னது பாதி சரி. நீளமான பக்கத்தை எடுப்பது ஒரு முறை, தலை-கால் திசையில் எடுப்பது இன்னொரு முறை. இரண்டும் நடைமுறையில் உண்டு. ஒரே சீட்டில் இரண்டையும் கலப்பதுதான் தப்பு. எந்த முறை என்று சீட்டின் தலையில் ஒருவரி எழுதி, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி வைத்திருக்கிற விதமும் ஒன்றாக இருக்கட்டும். முடக்கினால் தோல் இழுபட்டு ஒன்றிரண்டு மி.மீ. மாறும்.

நெல்லைத்தம்பி:
சரி சிஸ்டர், ஒத்துக்கிறேன். ஆனால் ஆழம் 0.4லிருந்து 0.9 ஆனதற்குக் காய்ப்பு மட்டும் காரணமாக இருக்காதே?

வார்டு சிஸ்டர்:
நல்ல கேள்வி. காவிரிக்கரை, கோபப்படாதீர்கள். மூன்று வாரமும் ஆழம் அப்படியே 0.4. நிஜமாகவே அளந்தீர்களா?

காவிரிக்கரை:
இல்லை சிஸ்டர். முதல் வாரம் அந்த நர்ஸ் அளந்து சொன்னது. அப்புறம் உள்ளே குச்சி விட எனக்குப் பயம், பழைய எண்ணையே பார்த்து எழுதிவிட்டேன்.

வார்டு சிஸ்டர்:
பயந்ததும் நல்லதுதான், வீட்டில் நீங்கள் உள்ளே எதையும் விட வேண்டாம். செலைனில் நனைத்த ஸ்டெரைல் பஞ்சுக்குச்சியை நேராக இறக்கி, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்து ஸ்கேலில் வைப்பார்கள். அது நர்ஸின் வேலை, வாரம் ஒருமுறை போதும். ஆனால் பார்க்காததை எழுதாதீர்கள். அந்த இரண்டு 0.4 மீதும் ஒரு கோடு மட்டும் அடியுங்கள். பழைய எண் வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு ஆழமாகிவிட்டது என்று டாக்டர் நினைத்துவிடுவார். எப்போது ஆழமானது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அது போனது போனதுதான்.

நிறத்தில் இன்னொன்று. மூன்றாவது வாரம் கூட்டினால் 110 வருகிறது. புண்ணின் அடிப்பரப்பு மொத்தமும் சேர்ந்துதான் 100. நீங்கள் எழுதிய வெள்ளை ஓரத்தில்தானே இருந்தது?

காவிரிக்கரை:
ஆமாம், சுற்றியிருக்கிற தோல்தான். மழையில் நனைந்த விரல் மாதிரி ஊறிப்போய் இருந்தது.

வார்டு சிஸ்டர்:
அது புண்ணுக்குள் சேராது. சுற்றுத்தோல் என்று தனி இடத்தில் "ஊறியிருக்கிறது, சுமார் அரை செ.மீ. அகலம்" என்று எழுதுங்கள். கசிவு அதிகம், கட்டு நனைந்தபடியே தோலில் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். கசிவையும் குறிக்கணும். எத்தனை காஸ் நனைந்தது, வெளிப்பேண்டேஜ் வரை கறை வந்ததா, நிறம் என்ன. "மிதமான கசிவு" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள்.

பாண்டியன் மெடிக்கல்ஸ்:
மஞ்சள் என்றால் சீழ்தானே? ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எல்லாம் வெளியே வந்துவிடும். நிறைய பேர் வாங்கிப் போகிறார்கள்.

வார்டு சிஸ்டர்:
வாங்கிப் போகிறார்கள், புதிதாக வருகிற சிவப்புத் தசையையும் சேர்த்துப் பொசுக்குகிறார்கள். இந்த மஞ்சள் சீழ் இல்லை. அடியில் ஒட்டிக்கொண்டு, துடைத்தால் வராமல் இருக்கிற செத்த திசு, ஸ்லஃப் என்போம். சீழ் வழியும், துடைத்தால் வந்துவிடும். பெரும்பாலும் நாற்றமும் இருக்கும். சீட்டில் ஸ்லஃபைத் திசுவிலும் சீழைக் கசிவிலும் எழுதணும். கழுவ செலைன் போதும்.

காவிரிக்கரை:
அப்போ அந்த இரண்டு குழி?

வார்டு சிஸ்டர்:
புண்ணைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, ஓரத்துக்கு அடியில் எந்தப் பக்கம் குடைந்து போகிறது என்று சொல்வதுதான் இந்த மணிக்கணக்கு. உடம்பின் மற்ற இடங்களில் தலைப் பக்கம் 12. பாதத்தில்தான் குழப்பம். சிலர் குதிகாலை 12 என்பார்கள், சிலர் விரல்களை 12 என்று வைப்பார்கள். ஒருவருடைய 2 மணி இன்னொருவருக்கு 8 மணி, சரியாக எதிர்ப்பக்கம். இரண்டிலும் 1.2தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே குழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் நான் கண்ணால் பார்க்கவில்லை. இருவரையும் கேட்டு உறுதி செய்யுங்கள். சீட்டில் ஒரு பாதம் வரைந்து 12 எங்கே என்று குறித்துவிட்டால் சண்டையே இல்லை.

குமரி பிசியோ:
வார்டு சிஸ்டரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். நாங்கள் விரலையே 12 என்று வைக்கிறோம், அதுதான் பார்ப்பவருக்கு இயல்பு. அதை விடுங்கள். இந்த இடத்தில் காய்ப்பு திரும்பத் திரும்பக் கட்டுகிறதென்றால் மாமா அந்தக் காலை ஊன்றி நடக்கிறார் என்று அர்த்தம். பாத்ரூம் போகும்போது என்ன போடுகிறார்?

காவிரிக்கரை:
எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கோம். வெளியே போனால் மட்டும் போடுவார். வீட்டுக்குள்ளே செருப்பா என்று வெறுங்காலோடு நடக்கிறார்.

குமரி பிசியோ:
அப்படியென்றால் சீட்டில் அதற்கும் ஒரு வரி வையுங்கள். டிரெஸ்ஸிங் நாளெல்லாம் "வெறுங்கால்: ஆம்/இல்லை". திறந்த புண்ணுக்கு அந்தச் செருப்பும் போதாது. அழுத்தத்தை முழுதாக எடுக்கிற மாவுக்கட்டு அல்லது கழற்ற முடியாத பூட் இருக்கிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, கிருமித் தொற்று இல்லையென்றால் போடுவார்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

வார்டு சிஸ்டர்:
ஆழம் 0.8 என்றதும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அந்த இடத்தில் எலும்பு ரொம்பக் கிட்டே. குச்சி விட்டபோது கெட்டியாக ஏதாவது தட்டியதா என்று கேட்டீர்களா? எக்ஸ்ரே எடுத்தார்களா?

காவிரிக்கரை:
4ஆம் வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு சரியாக இருக்கிறது என்றார்கள். தட்டியதா என்று கேட்கவில்லை.

வார்டு சிஸ்டர்:
எலும்பில் தொற்று தொடங்கி முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஒருமுறை சரி என்றதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், மறுபடி எடுக்கணுமா என்று கேளுங்கள். இடையில் சிவப்பு ஓரத்திலிருந்து 2 செ.மீ. தாண்டிப் பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் சுகர் ஏறினால் வாரச் சீட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் தோலில் கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா என்று மறுநாளே தெரியும்.

காவிரிக்கரை:
நர்ஸிடம் கேட்டேன். அவர் குதிகாலை 12 என்று வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சின்னதாக ஒரு பாதம் படம், விரல் பக்கம் 12. ஒரே குழிதான்! 6ஆம் வாரம் 2.9 × 2.4, ஆழம் 0.7, குடைவு 1.0. ஆழத்தையும் குடைவையும் அவரே அளந்தார், கெட்டியாக எதுவும் தட்டவில்லை என்றார். மாமா இரண்டு நாள் செருப்போடு நடந்தார், மூன்றாம் நாள் "வெறுங்கால்: ஆம்". எக்ஸ்ரே மறுபடி எடுக்க அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.