22 நாற்றுதான் இருக்கிறது என்று போடலாமா?

செல்வி: நர்சரி ஸ்டேட்டஸில் இன்று இரவு போடப்போவது இது. பார்த்துச் சொல்லுங்கள்.

"தங்கச்சிமடம் குண்டுமல்லி நாற்று 60 வந்தது. விற்பனைக்கு 22 மட்டுமே. மீதி 38 வழியில் இலை உதிர்த்துவிட்டன. துளிர் விட்ட பிறகே தருவோம். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம்."

ராமு மாமா: 60 என்றே போடு. வாங்குகிறவர்கள் எண்ணவா போகிறார்கள்? நர்சரிக்குப் பணம் போட்டவன் சொல்கிறேன்.

சாந்தி சித்தி: ஆரம்பித்துவிட்டார் 🙏

சாந்தி சித்தி: காலை, மாலை இரண்டு வேளை தண்ணீர் என்று போடு செல்வி. அம்மா அப்படித்தான் ஊற்றுவாள்.

செல்வி: பாட்டியின் மல்லி தரையில் நின்றது சித்தி. செம்மண், தண்ணீர் கீழே இறங்கிவிடும். தொட்டியில் அப்படி ஊற்றினால் வேர் அழுகும். சித்திரையில் மொட்டை மாடித் தொட்டி மாலைக்குள் காய்ந்துவிடும், அப்போது இரண்டு வேளை சரி. அதனால்தான் வேளைக்கணக்கு போடாமல் விரலை வைக்கச் சொல்கிறேன்.

கார்த்தி: அக்கா, என் மல்லி எட்டு மாதமாக இலை மட்டும்தான். உரம் மாற்றட்டுமா?

செல்வி: வெயில் எத்தனை மணி நேரம்?

கார்த்தி: பால்கனியில் 7 முதல் 9 வரை

செல்வி: அதுதான் காரணம். மாடிக்குக் கொண்டுபோ. இரண்டு மணி நேர வெயிலில் உரம் போட்டால் இன்னும் இலைதான் வரும்.

கார்த்தி: இலையும் மஞ்சளாக இருக்கிறது

ராமு மாமா: இரும்புச்சத்துக் குறைவு. மல்லிக்கு அது வழக்கம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளி. அந்தக் காலத்தில் நான் தோட்டம் வைத்திருந்தபோது...

செல்வி: கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மாமா சொல்வது சரி. கார்த்தி, எந்த இலை?

கார்த்தி: அடி இலை. கீழே தட்டில் தண்ணீர் நிற்கிறது

செல்வி: தட்டை எடுத்துவிடு. மண் காயட்டும். அன்னபேதி வேண்டாம்.

சாந்தி சித்தி: வளைகாப்புக்குப் பூ யார் சொல்லியிருக்கிறீர்கள்?

ராமு மாமா: அது பெரியவர் பொறுப்பு. செல்வி, 38 குறித்துப் பதில் வரவில்லை.

செல்வி: போன வருடம் வேர் பிடிக்காததையும் சேர்த்து விற்றோம் மாமா. மூன்று வாரத்தில் ஒன்பது பேர் காய்ந்த குச்சியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இன்று காலை ஒரு பையைத் திறந்து பார்த்தேன், வேர் இருக்க வேண்டிய இடம் பழுப்பாக இருந்தது. நன்றாகப் பிடித்த 22 பையிலும் அடித் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது.

ராமு மாமா: கடனைத் துளிர் வந்த பிறகு கேட்கச் சொல்கிறாயா?

சாந்தி சித்தி: அதை இங்கே வேண்டாம் அண்ணா. செல்வி, எனக்கு இரண்டு எடுத்து வை.

செல்வி: சரி சித்தி. அப்படியானால் 20 என்று மாற்றிப் போடுகிறேன்.

கார்த்தி: பூ யார் சொல்லியிருக்கிறீர்கள்?